கூப்பிட முடியாத முக்கால் மணி நேரம்

கேள்வி: கல்யாணமாகி நாலு வருஷம் ஆகிறது. திருச்சியில் இரண்டு படுக்கையறை உள்ள வீட்டில் மாமனார், மாமியார், கணவர், மூன்று வயதுப் பையன், நான் என்று ஐந்து பேர். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் ஆபீஸ் முடிந்து வந்ததிலிருந்து படுக்கும் வரை எனக்கென்று பத்து நிமிஷம் கிடைப்பதில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் "என்னம்மா, கோபமா?" என்கிறார்கள். தனிக்குடித்தனம் போக வசதியும் இல்லை, மனசும் இல்லை. நான் என்னதான் செய்வது?

பதில்:

உங்கள் வீட்டில் அறை இருக்கிறது, கதவு இருக்கிறது, அதற்குத் தாழ்ப்பாளும் இருக்கும். இல்லாதது வேறு: உங்களை யாரும் கூப்பிட முடியாத நேரம். கட்டிலில் படுத்திருப்பீர்கள், ஆனால் காது மட்டும் ஹாலில் இருக்கும். குக்கர் எத்தனை விசில் விட்டது, பையன் எதற்குச் சிணுங்குகிறான், மாமா எழுந்து எதையோ தேடுகிறாரே என்று அது பாட்டுக்குக் கணக்கெடுத்துக்கொண்டே இருக்கும். உடம்பு படுத்தாலும் காது நின்றுகொண்டே இருந்தால் அலுப்பு தீராது. குடும்ப நல ஆலோசனை வேலையில் பதினாறு வருஷமாக இருக்கிறேன். அதைவிட அதிக வருஷம் ஒரு கூட்டுக் குடும்பத்து மருமகளாகவும் இருக்கிறேன். "எனக்கு ரெஸ்ட்டே இல்லை" என்று வருகிறவர்களிடம் கேட்டுப் பார்த்தால், பலருக்கு உட்காரும் நேரம் இருக்கவே செய்கிறது. அந்த நேரம் துண்டு துண்டாகக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

2019-ல் மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்றை நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில், பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் என்று கணக்கு வந்தது. அந்த ஆய்வில் ஒரு நாளை அரைமணித் துண்டுகளாகப் பிரித்து, அந்தந்தத் துண்டில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். "அம்மாடி, அந்த மாத்திரை டப்பா எங்க இருக்கு?" என்று கேட்பதற்கு அரை நிமிஷம் போதும். அது எந்தத் துண்டிலும் விழாது. நீங்கள் சொல்கிற அலுப்பு பெரும்பாலும் அந்த அரை நிமிஷங்களால் வந்தது.

அதனால் முதலில் கதவைப் பற்றிப் பேசாதீர்கள். ஒரு வாரம் கணக்கெடுங்கள். கிழித்த தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். வீட்டுக்குள் காலடி வைத்ததிலிருந்து படுக்கப் போகும் வரை, உங்களை யார் கூப்பிட்டார்கள், எதற்கு என்று இரண்டு வார்த்தையில் குறித்துக்கொள்ளுங்கள். யாரையும் குற்றம் சொல்வதற்காக இல்லை, அதனால் தாளை யாரிடமும் காட்டவும் வேண்டாம். சமையலறை மேடையில் மறந்துகூட வைத்துவிடாதீர்கள். அதை வேறு யாராவது படித்தால் குற்றப்பத்திரிகை மாதிரிதான் இருக்கும்.

உங்களைப் போலவே ஒரு பெண், அரசு அலுவலக வேலை, மாமனார் மாமியாரோடு இருக்கிறவர், ஐந்து வயதில் ஒரு மகள். அவர் எழுதிக்கொண்டு வந்ததில் ஒரு செவ்வாய்க்கிழமைத் தாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மாலை ஆறு இருபதிலிருந்து ஒன்பதே முக்காலுக்குள் இருபத்து மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். பிரித்துப் பார்த்தோம். ஒன்பது தடவை "எங்க இருக்கு?" என்பதுதான்: மாத்திரை, ரிமோட், டவல், சார்ஜர், குழந்தையின் தண்ணீர் பாட்டில். ஐந்து தடவை சாப்பாடு: தோசையா சப்பாத்தியா, மாவை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைத்தாயா, தக்காளிச் சட்னியில் காரம் குறைக்கவா. ஆறு தடவை குழந்தை. மிச்சம் மூன்றுதான் உண்மையிலேயே அவரிடம் மட்டும் பேச வேண்டியவை. அதில் ஒன்று, மாமனார் தன் போனுக்கு வந்த ஓடிபியைக் காட்டி "இதை யாருக்காவது சொல்லலாமா?" என்று கேட்டது. அந்த மாதிரிக் கூப்பிடுவது நடக்கத்தான் வேண்டும்.

"எங்க இருக்கு?" என்பதற்கு மருந்து எளிது, ஆனால் எல்லோரும் தவறாகச் செய்கிறார்கள். "இங்கதான் இருக்கு பாருங்க" என்று ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தால், அந்த வீட்டின் ஞாபகசக்தி நீங்கள்தான் என்று ஆகிவிடும். பொருளைக் கேட்கிறவர் கைக்கு எட்டும் இடத்துக்கு மாற்ற வேண்டும். அந்த வீட்டில் ஏழு நாளுக்கு ஏழு அறை உள்ள மாத்திரை டப்பா வாங்கினார்கள். ஞாயிறு காலை காபி குடிக்கும்போது மகனே அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்து அதை நிரப்புவது என்று ஆயிற்று. மாத்திரை நிரப்பும் வேலை மருமகளிடமிருந்து மகனுக்குப் போனதில் மாமனாருக்கு உள்ளூரச் சந்தோஷம் வேறு. மருமகளிடம் சொல்லக் கூச்சப்பட்ட முழங்கால் வலியை மகனிடம் சொல்ல அந்தப் பத்து நிமிஷம் பயன்பட்டது.

சாப்பாட்டுக் கேள்விக்கு அவர் கண்டுபிடித்த வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. வாரத்து ராத்திரிச் சாப்பாட்டை அத்தையே ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடுவார், இவர் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுவார். முடிவு அத்தை கையிலேயே இருந்தது. அது முக்கியம். சமையலறையில் யார் முடிவு எடுப்பது என்பதில் கை வைத்தால், நீங்கள் கேட்கப் போகிற முக்கால் மணி நேரம் பேச்சிலேயே வராது. சப்பாத்தியா தோசையா என்பதில் உங்களுக்குப் பெரிய கொள்கை எதுவும் இல்லையென்றால் விட்டுக்கொடுங்கள். மூன்றாவது வாரம் அதே செவ்வாய்க்கிழமை எண்ணியபோது எட்டுதான் இருந்தது.

இதற்குப் பிறகுதான் எந்த நேரம் என்ற கேள்வி. ஆபீஸிலிருந்து வந்ததும் நேராக அறைக்குள் போவதுதான் எல்லோரும் செய்கிற முதல் தப்பு. உங்களுக்கு அந்த நேரம்தான் ரொம்ப வேண்டும், எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் மாமியார் பக்கம் நின்று பாருங்கள். காலையிலிருந்து மூன்று வயதுப் பையனோடு மல்லுக்கட்டி, ஆறு மணி எப்போது ஆகும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர். பையனும் வாசலில் செருப்புச் சத்தத்துக்குக் காத்திருக்கிறான். அந்த நேரத்தில் கதவு சாத்தினால் "வந்ததும் வராததுமா உள்ள போயிட்டா" என்ற ஒரே வரியில் உங்கள் வழக்கு தள்ளுபடியாகிவிடும். முதல் அரை மணி நேரத்தைக் கொடுத்துவிடுங்கள். முகம் கழுவி, காபியைக் கையில் எடுத்துக்கொண்டு ஹாலிலேயே உட்காருங்கள். பையன் மடியில் இருக்கட்டும், அன்றைக்கு நடந்ததை அத்தை சொல்லட்டும்.

நான் சொல்வேன், ஏழரை மணி. அந்தப் பெண்ணும் அதைத்தான் எடுத்துக்கொண்டார். காரணம் எளிது, அப்போது சீரியல் ஓடுகிறது. அந்த நேரத்தில் அத்தைக்கு நீங்கள் தேவையில்லை. சொல்லப்போனால் குறுக்கே நடக்காமல் இருந்தால் போதும். மாமாவும் அதைப் பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டே பார்த்துக்கொண்டிருப்பார். உங்கள் கணவர் ஏழேகாலுக்குள் வீடு வந்துவிடுவாரென்றால் ஏழரையிலிருந்து எட்டேகால் வரை எடுத்துக்கொள்ளலாம். அவர் வரத் தாமதமாகுமென்றால் வேறு நேரம் தேடுங்கள், ஏனென்றால் அவர் வீட்டில் இல்லாமல் இது நடக்காது. முக்கால் மணி நேரம் என்று நான் சொல்வதற்கு ஆராய்ச்சி எதுவும் ஆதாரம் இல்லை, அனுபவம்தான். முதல் பத்துப் பதினைந்து நிமிஷம் காது ஹாலிலேயே இருக்கும். அது திரும்பி உங்களிடம் வருவதற்கே அவ்வளவு நேரம் ஆகிறது. இருபது நிமிஷம் எடுத்தவர்கள் எல்லாம் "ஒண்ணும் தெரியலக்கா" என்றுதான் திரும்பி வந்தார்கள்.

இப்போது கதவு. நம் வீடுகளில் பகலில் சாத்திய கதவுக்கு மூன்று அர்த்தம்தான்: உடை மாற்றுகிறார்கள், உடம்பு சரியில்லை, கோபம். நாலாவது அர்த்தம் ஒன்றை நீங்கள் புதிதாகப் பழக்க வேண்டும், அதற்கு ஒரே வழி தினமும் அதே நேரம். கோபம் அட்டவணை போட்டு வராது என்று எல்லோருக்கும் தெரியும். உள்ளே போகும் முன் ஹாலில் நின்று, "அத்தை, எட்டேகாலுக்கு வரேன், ஏதாவது வேணுமா இப்போ?" என்று கேட்டுவிட்டுப் போங்கள். எட்டேகாலுக்குச் சரியாக வெளியே வாருங்கள். வந்ததும் முதல் பேச்சு அத்தையோடு இருக்கட்டும், "அந்தப் பொண்ணு கடைசில கல்யாணத்துக்கு ஒத்துக்கிச்சா இல்லையா?" என்று சீரியலைப் பற்றியாவது. முகத்தைப் பார்த்தே கோபமில்லை என்று புரிந்துவிடும். ஒரு நாள் எட்டு நாற்பதுக்கு வந்தால், மறுநாளிலிருந்து எட்டேகால் என்ற சொல்லுக்கு மதிப்பில்லை. அதனால் போனில் அலாரம் வையுங்கள்.

இதில் ரொம்ப வழுக்கலான இடம் உங்கள் கணவர் வாயிலிருந்து என்ன வருகிறது என்பதுதான். ஒரு வீட்டில் அந்த மனிதர் நல்ல எண்ணத்தோடுதான், "அம்மா, அவளை அந்த நேரத்துல தொந்தரவு பண்ணாதீங்க" என்றார். ஒரு வாரம் அந்த வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. தன் பேரனைப் பகலெல்லாம் வளர்க்கிற அம்மாவின் பெயர் தொந்தரவு என்று ஆகிவிட்டதே! அதே விஷயத்தை இப்படிச் சொல்லலாம்: "ஏழரைலேர்ந்து எட்டேகால் வரைக்கும் பையன் என்கிட்டம்மா. எதுனாலும் என்னையே கூப்பிடுங்க." உங்களைப் பற்றி இதில் ஒரு வார்த்தை இல்லை, பாருங்கள். அவர் தன் வேலையைச் சொல்கிறார். அதை அவர் தனியாக, நீங்கள் பக்கத்தில் நிற்காதபோது, சண்டை எதுவும் நடக்காத ஒரு சாதாரண நாளில் சொல்ல வேண்டும். சண்டைக்கு மறுநாள் சொன்னால் தீர்ப்பு மாதிரி இருக்கும்.

சொன்னால் மட்டும் போதாது, அந்த முக்கால் மணி நேரம் அவர் உண்மையிலேயே பொறுப்பில் இருக்க வேண்டும். பையன் கக்கூஸ் போனால் கழுவிவிடுவது, பால் சிந்தினால் துடைப்பது, "அம்மா வேணும்" என்று அழுதால் சமாளிப்பது, எல்லாம். முதல் நாலைந்து நாள் அவன் கதவைத் தட்டுவான். கதவைத் திறந்துவிட்டீர்களானால் தட்டினால் திறக்கும் என்று கற்றுக்கொள்வான். அவனைத் தூக்கிக்கொண்டு கணவர் தெருமுனை வரை நடந்துவிட்டு வரட்டும். அழுகைச் சத்தம் கேட்டு மாமியார் "பாவம், குழந்தையை வாங்கிக்கோயேன்" என்று குரல் கொடுப்பார். அதற்குப் பதில் உள்ளிருந்து வரக் கூடாது, ஹாலில் இருக்கிற மகனிடமிருந்து வர வேண்டும்.

உள்ளே என்ன செய்வது என்பது உங்கள் பாடு. இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். மடித்து வைக்காத துணிக்கூடையை அறைக்கு வெளியே எடுத்து வைத்துவிடுங்கள், கண்ணில் பட்டால் கை தானாகப் போகும். உங்கள் அம்மாவுக்குப் போன் செய்ய இந்த நேரத்தை எடுக்காதீர்கள். இந்தக் காலத்து வீட்டுச் சுவர்கள் மெலிசு. நீங்கள் குரலைத் தாழ்த்தத் தாழ்த்த, வெளியே இருப்பவர்களுக்குத் தங்களைப் பற்றித்தான் பேசுகிறீர்கள் என்று தோன்றும். நீங்களும் குரலைத் தாழ்த்திக் காதைத் தீட்டிக்கொண்டே பேசுவீர்கள். அம்மாவோடு பேசுவது ஆபீஸ் மதியச் சாப்பாட்டு நேரத்திலோ பஸ் நிறுத்தத்திலோ இருக்கட்டும். பாத்ரூமுக்குப் போனை எடுத்துக்கொண்டு போய் இருபது நிமிஷம் உட்காருகிற பழக்கம் இப்போது உங்களுக்கு இருந்தால், வெட்கப்பட வேண்டாம். நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பழக்கம் தானாக விட்டுப்போனால் இந்த ஏற்பாடு பலிக்கிறது என்று அர்த்தம். இன்னொரு அடையாளம், வீட்டுக்கு யாராவது வந்து உங்களைக் கேட்கும்போது, "உள்ள இருக்கா, எட்டேகாலுக்கு வருவா" என்று மாமியார் இழுக்காமல் சொல்வது.

"நாங்க எல்லாம் இருபது பேர் ஒண்ணா இருந்தோம், எங்களுக்கு எந்தத் தனி நேரம்?" என்று யாராவது கேட்கக் கூடும். பழைய வீடுகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். திண்ணையில் ஆண்கள் உட்கார்ந்தால் இரண்டாங்கட்டில் நடப்பது அவர்கள் காதில் விழாது. மத்தியானம் கொல்லைக் கிணற்றடி பெண்களுடையது. ஆடி பிறந்தால் புதுப்பெண் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவாள். செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றிக் கல்யாணமான மகன் ஒவ்வொருவருக்கும் ஓர் அறை உண்டு. கொஞ்ச காலம் போனதும் அந்த இளம் ஜோடியை "வேறு வைப்பார்கள்". அதே கூரைதான், ஆனால் அடுப்பு தனி, வரவு செலவு தனி. அதை யாரும் குடும்பம் பிரிந்ததாக நினைக்கவில்லை, முறை என்றே நினைத்தார்கள். கூட்டமாக வாழ்ந்தவர்கள் ஒதுங்குவதற்கும் இடம் விட்டுத்தான் கட்டினார்கள். உங்கள் வீட்டில் ஹாலும் டிவியும் சாப்பாட்டு மேஜையும் பூஜை அலமாரியும் ஒரே இடத்தில். இடத்தில் இருந்த ஏற்பாட்டை இப்போது கடிகாரத்தில் செய்ய வேண்டியிருக்கிறது. இதை வாதமாக மாமியாரிடம் சொல்லப் போகாதீர்கள், உங்கள் மனசுக்குள் உறுத்தினால் அதற்கு மட்டும் பதிலாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாமியாருக்கும் ஒரு நேரம் வேண்டும். இதை விட்டால் உங்கள் முக்கால் மணி நேரம் இரண்டு மாதத்துக்கு மேல் நிற்காது. காலை ஒன்பதிலிருந்து ஆறு வரை பையன் அவரிடம் என்றால் ஒன்பது மணி நேரம். "நீங்க ரெஸ்ட் எடுங்க அத்தை" என்று சொல்லாதீர்கள். வயசாகிவிட்டது என்று சொல்வது மாதிரிக் கேட்கும். என்ன வேண்டும் என்று கேளுங்கள், பதில் உங்களை ஆச்சரியப்படுத்தலாம். நான் சொன்ன வீட்டில் அந்த அம்மா கேட்டது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் உறையூர் வெக்காளியம்மன் கோயிலுக்குக் குழந்தையை இழுத்துக்கொண்டு போகாமல், புருஷனும் கூட வராமல், தன் அக்காவோடு தனியாகப் போய்விட்டு ஆற அமர வருவது. முப்பத்தைந்து வருஷமாக யாரும் கேட்காததால் அவரும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மருமகள் ஒரு மணி நேரம் முன்னதாக வர ஆபீஸில் பர்மிஷன் கேட்க வேண்டியிருந்தது, மாதத்தில் இரண்டு தடவைதான் கிடைத்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

இதெல்லாம் நீங்கள் சொன்ன மாதிரி "யாரும் கெட்டவர்கள் இல்லை" என்கிற வீட்டுக்கு. அறைக்குத் தாழ்ப்பாளே போடக் கூடாது என்பது, போனை வாங்கிப் பார்ப்பது, ஏடிஎம் கார்டைக் கையில் வைத்துக்கொள்வது, பிறந்த வீட்டுக்குப் போகவிடாதது என்று போனால் அது தனி நேரப் பிரச்சினை இல்லை. அதற்கு 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில், சேர்ந்து வாழும் வீட்டில் குடியிருக்கும் உரிமையும் இருக்கிறது. வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் அது சேர்ந்து வாழ்ந்த வீடாக இருக்க முடியும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதேபோல், தனி நேரம் கிடைத்த பிறகும் வாரக்கணக்கில் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல், அழுகையாக வந்துகொண்டிருந்தால் இந்த யோசனைகளை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக, விருந்தாளி. மே மாதம் நாத்தனார் பிள்ளைகளோடு வந்து இருபது நாள் தங்கினால் உங்கள் அறையில் பாய் விரித்திருக்கும், ஏழரை மணி இருக்காது. அந்த இருபது நாளும் அதே நேரத்தைப் பிடித்துத் தொங்காதீர்கள், அதற்குள் பழகிய நல்ல பேரும் போய்விடும். மொட்டை மாடிக்கு மாறிவிடுங்கள். வெயில் தணிந்து ஆறே முக்கால் வாக்கில் காய்ந்த துணி எடுக்கப் போகிறேன் என்று போனால், தண்ணீர்த் தொட்டி ஓரம் அரை மணி நேரம் உட்காரலாம், யாரும் தேட மாட்டார்கள். ஒரு நாள் நாத்தனாரும் பின்னாலேயே ஏறி வருவார். அவரும் ஒரு மாமியார் வீட்டிலிருந்து வந்தவர்தான். பேச்சுக் கொடுக்காமல் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுங்கள், துணியை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.